மேட்ச் ரேட் ஏறியது, ஆட்கள் குறைந்தார்கள்: வாடிக்கையாளர் பட்டியல் பதிவேற்றத்தில் மூன்று வருடம்

வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் விளம்பரத் தளத்தில் ஏற்றி, அவர்களுக்கென்று விளம்பரம் காட்டுவதையும் அவர்களைத் தவிர்த்துக் காட்டுவதையும் மூன்று வருடமாகச் செய்து வருகிறேன். ஒரே கடையின் ஒரே பட்டியல்தான். அதை வைத்து நான் கற்றது பெரும்பாலும், ஏற்றிய வரிகளில் எத்தனை சதவீதம் தளத்தின் பயனர்களோடு பொருந்தியது என்று காட்டும் மேட்ச் ரேட் என்ற அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

முதல் பதிவேற்றத்தில் 12,000 வரிகள் இருந்தன. மேட்ச் ரேட் 34 சதவீதம், அதாவது சுமார் 4,080 பேர். எங்கள் வாடிக்கையாளர்கள் அந்தத் தளத்தில் அதிகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, அப்படியே பல மாதம் ஓட்டினேன். காரணம் அதுவல்ல. கோப்பை ஒருமுறை எக்செலில் திறந்து சி.எஸ்.வி.யாகச் சேமித்திருந்தேன். நாட்டுக் குறியீட்டோடு சேர்ந்து 12 இலக்கமான எண்களை எக்செல் `9.19877E+11` என்று சுருக்கிக் காட்டும். சேமிக்கும்போது அந்தச் சுருக்கமே கோப்பில் போய்விடும், மிச்ச இலக்கங்கள் திரும்ப வராது. கைபேசிப் பத்தி முழுக்க இப்படிப் பாழாகியிருந்தது. மின்னஞ்சலால் பொருந்தியவர்கள் மட்டும்தான் அந்த 34 சதவீதம்.

இது ஏன் கண்ணில் படவில்லை? விவரங்களை நானே `SHA-256` முறையில் ஹாஷ் செய்து, அதாவது மூல விவரம் தெரியாத ஒரு குறியீடாக மாற்றி ஏற்றினேன். சரியான எண்ணைக் கொடுத்தாலும் குப்பையைக் கொடுத்தாலும் அது 64 எழுத்துகளைத்தான் தரும். தளத்துக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பிழைச் செய்தி வராது. மின்னஞ்சலின் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலோ ஒரு பெரிய எழுத்து இருந்தாலோ கூட ஹாஷ் முழுவதுமாக மாறிவிடும். அதனால் இப்போது ஹாஷ் செய்வதற்கு முன் ஒரு இருபது வரியையாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து கண்ணால் பார்க்கிறேன். எக்செலில் பார்ப்பதில்லை.

எண்களை மூலத் தரவிலிருந்து மறுபடி எடுத்து ஏற்றியதும் 57 சதவீதமானது. 6,840 பேர். இது உண்மையான முன்னேற்றம்.

அடுத்து வந்ததுதான் என்னைக் குழப்பியது. பட்டியலைச் சுத்தம் செய்தேன். ஒரே ஆள் இரண்டு மூன்று வரியில் இருந்தார். பில் போடும் அவசரத்தில் தட்டிவிட்ட போலி எண்கள் இருந்தன. விலை மட்டும் விசாரித்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். 3,000 வரிகளை நீக்கினேன். மீதி 9,000 வரிகளுக்கு மேட்ச் ரேட் 72 சதவீதம். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பொருந்தியவர்கள் 6,480 பேர்தான். விகிதம் 15 புள்ளி ஏறியபோது ஆட்கள் 360 பேர் குறைந்திருக்கிறார்கள்! வகுக்கும் எண் சிறிதானதால் வந்த ஏற்றம் அது. நீக்கிய வரிகளில் பெரும்பாலானவை எப்படியும் பொருந்தியிருக்காது. ஆனாலும் சுத்தம் செய்தது வீணில்லை. இதைப் போன்ற புதியவர்களைக் கண்டுபிடி என்று தளத்திடம் கேட்கும்போது, விசாரித்தவர்கள் கலக்காத, வாங்கியவர்கள் மட்டும் உள்ள பட்டியலே நல்ல விதை. அந்தப் பலனை மேட்ச் ரேட்டில் தேடக் கூடாது என்பதுதான் விஷயம்.

பழைய வாடிக்கையாளர்களைத் தவிர்க்கும் விளம்பரத்தில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். 72 சதவீதம் பொருந்தியது என்றால் 28 சதவீதம், அதாவது 2,520 பேர், தவிர்க்கப்படவே இல்லை. "புதியவர்களுக்கு" என்று ஓடும் விளம்பரம் அவர்களுக்கும் போகிறது. எப்படியும் வாங்கக்கூடியவர்கள் என்பதால் அவர்கள் சுலபமாக வாங்கிவிடுவார்கள், அறிக்கை அதைப் புதிய வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிடும். சந்தேகம் வந்து, ஒரு மாதத்தில் அந்த விளம்பரத்தால் வந்ததாகச் சொன்ன 200 ஆர்டர்களின் மின்னஞ்சலையும் எண்ணையும் எங்கள் பழைய பில்களோடு ஒப்பிட்டேன். 46 பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். 154 பேர்தான் புதியவர்கள். ஒரு புதிய வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு, அறிக்கை காட்டியதைவிட கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம். அப்புறம் இந்த ஒப்பீட்டை மாதாமாதம் செய்கிறேன், ஒரு மணி நேர வேலைதான்.

இன்னொன்று, கூகுள் ஆட்ஸில் 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பட்டியலில் ஒருவர் அதிகபட்சம் 540 நாள்தான் இருக்க முடியும். ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்தால் பட்டியல் தானாகச் சுருங்கும், தவிர்ப்பில் ஓட்டையும் பெரிதாகும். நான் இப்போது மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் மறுபடி ஏற்றி, மேட்ச் ரேட்டோடு வரி எண்ணிக்கையையும் பொருந்திய ஆட்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன்.