பாறையேறுபவருக்குக் கிரியேட்டின்: லோடிங்கா, தினம் 3 கிராமா, எதுவுமே வேண்டாமா?

தசைக்குச் சட்டென்று ஆற்றல் கிடைக்க உதவும் துணைத் தூள்தான் கிரியேட்டின். பாறையேறுகிறவர்களிடம் அதன் பேச்சை எடுத்தாலே "எடை ஏறிடுமே" என்பார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் எவ்வளவு ஏறும், அதற்கு ஈடாக விரலுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நான் போட்டுப் பார்த்துத்தான் தினம் 3 கிராம் வழிக்கு வந்தேன்.

லோடிங் என்பது தினம் 20 கிராமை நாலு வேளையாகப் பிரித்து ஐந்தாறு நாள் எடுப்பது. தசையில் கிரியேட்டின் சீக்கிரம் நிரம்பிவிடும். தினம் 3 கிராம் எடுத்தால் அதே நிலையை எட்ட ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆனால் லோடிங்கில் ஒரே வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ தண்ணீர் ஏறிவிடும். சிலருக்கு வயிறும் கெடும். மெதுவாகப் போனால் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால், பயிற்சியும் அதோடு சேர்ந்து நடக்க இடம் இருக்கிறது. போட்டியோ பயணமோ அடுத்த வாரமே என்றால் தவிர, லோடிங் செய்ய எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்புறம், எதுவுமே எடுக்காமல் இலேசாகவே இருந்துவிடலாமே என்ற வாதம். இதைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 மில்லிமீட்டர் விளிம்பில், இடுப்பில் 30 கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டு, 10 விநாடி தொங்குகிறார் என்று வையுங்கள். விரல் தாங்குவது மொத்தம் 90 கிலோ, அதாவது உடல் எடையைப் போல 1.5 மடங்கு. கிரியேட்டினால் அவர் 61 கிலோ ஆகிறார். பழைய விகிதம் குறையாமல் இருக்க அவர் 91.5 கிலோ தாங்க வேண்டும். அதில் 61 கிலோ அவர் உடம்பே. ஆக, இடுப்பில் கட்டுவது 30.5 கிலோ ஆனால் போதும், பழைய இடத்துக்கு வந்துவிட்டார். 32 கிலோவோடு தொங்கினால் விகிதம் 1.52. லாபம்தான். கூடுதல் எடை 30-லேயே நின்றுவிட்டால் 1.49, சின்ன நஷ்டம்.

அதனால் ஆரம்பிக்கும் முன்பே உடல் எடையையும் தொங்கும் எடையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடை, அதே விளிம்பு, அதே 10 விநாடி, நல்ல ஓய்வுக்குப் பிறகு. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் விகிதமே சொல்லிவிடும். விகிதம் ஏறாத சிலரும் இருக்கிறார்கள். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் இருப்பு ஆரம்பத்திலேயே குறைவு என்பதால், அவர்களுக்குப் பலன் பொதுவாகத் தெளிவாகத் தெரியும். தண்ணீர் முன்கையில் மட்டும் சேர்வதில்லை, தொடையிலும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொடை பெருத்தவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இறுக்கம்தான்.

முன்கை சோர்வு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. கிரியேட்டின் உதவுவது முதல் பத்து விநாடி போன்ற முழு வேக இழுப்புக்கும், ஓய்வெடுத்து மறுபடி முயல்வதற்கும். ஹம்பியின் கிரானைட் பாறைகளில் நாலைந்து நகர்வில் முடிகிற போல்டரிங்குக்கு இது அப்படியே பொருந்தும். பாதாமியில் கயிற்றோடு ஏறும் நீளமான பாதை வேறு. இறுக்கிப் பிடித்திருக்கும்போது முன்கைக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. தசை கிரியேட்டினைச் சேமித்து வைக்கும் வடிவம்தான் பாஸ்போகிரியேட்டின்; இழுப்பில் கரைந்த அது திரும்ப உருவாக ஆக்சிஜன் வேண்டும். எனவே அங்கே கையைத் தொங்கவிட்டு உதறுகிற இடங்கள்தான் காப்பாற்றும். லோடிங் வாரத்தில் முன்கை சீக்கிரமே வீங்கி இறுகுவதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் பெரும்பாலும் போல்டரிங் ஆள், நீள் பாதையில் என் அனுபவம் குறைவு, அதனால் அங்கே அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வகை ஏற்றத்துக்கு பீட்டா அலனைன் என்ற இன்னொரு துணைப்பொருளை எடுப்பவர்களும் உண்டு. அது எடை ஏற்றாது, ஆனால் தினமும் வாரக்கணக்கில் எடுக்க வேண்டும், தோல் கூசும். ஒன்று முதல் நாலு நிமிட உழைப்புக்குத்தான் அதன் பலன்.

விரலுக்கு ஒரு எச்சரிக்கை. தசை வேகமாகத் தேறும், தசைநாணும் அதை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் விரல் வளையங்களும் மெதுவாகத்தான் தேறும். கூடுதல் எடையை ஒரே வாரத்தில் ஐந்து கிலோ ஏற்றுவது அந்த வளையத்தைப் பிய்த்துக்கொள்ளும் வழி. விரலின் அடிப்பகுதியில், உள்ளங்கைப் பக்கம் அழுத்தினால் வலித்தால் விரல் மூட்டை மடக்கிப் பிடிக்கும் கிரிம்ப் பிடிப்பை நிறுத்துங்கள்.

வாங்கும்போது வெறும் மோனோஹைட்ரேட் தூள் போதும். எந்த வேளையில் குடித்தாலும் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் இதை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவு இதனாலேயே சற்று கூடிக் காட்டும்.