கன்வா பைலா, இலஸ்ரேட்டர் பைலா? ஒரு ரியூஷன் நோட்டீஸை அச்சுக்கு முன் சோதித்தல்

எடுத்துக்கொண்டது யாழ்ப்பாணத்தில் தினமும் அச்சகத்துக்கு வருகிற வேலைதான். ஒரு தனியார் கல்வி நிலையம், உயர்தர வகுப்புக்கான ஏ5 நோட்டீஸ், ஒரு பக்கம், நான்கு நிறம். யாழ்ப்பாணம், நெல்லியடி, சாவகச்சேரி என மூன்று கிளைகள். ஒவ்வொன்றுக்கும் 2000 பிரதிகள். படமும் தலைப்பும் ஒன்றே, நேர அட்டவணையும் தொலைபேசி இலக்கமும் மட்டும் வேறு. இதைக் கன்வாவில் செய்து பி.டி.எப் ஆக அனுப்புவதா, இலஸ்ரேட்டரில் நான்கு அச்சு மைகளின் நிறமுறையான சி.எம்.வை.கே ஆகச் செய்து அனுப்புவதா? ஒப்செட் அச்சு என்றால் எங்கள் கட்சி இலஸ்ரேட்டர். காரணம் கறுப்பு எழுத்து. அதற்கு முன்னர் மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

அளவு. வெட்டிய பிறகு 148 × 210 மி.மீ. நான்கு பக்கமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் பகுதி, அதாவது பிளீட், 3 மி.மீ சேர்த்தால் 154 × 216. இலஸ்ரேட்டரில் புதிய பைல் திறக்கும்போதே பிளீட்டைக் கொடுத்துவிடலாம். கன்வாவில் `Show print bleed` போட்டு, பின்னணிப் படத்தை அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்துவிட்டு, இறக்கும்போது `Crop marks and bleed` தெரிவு செய்ய வேண்டும். படத்தை இழுக்காமல் தெரிவை மட்டும் போட்டால், வெட்டுக்குறி அழகாக வரும், அதற்கு வெளியே வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

கன்வாவில் இதைவிடப் பெரிய பொறி வார்ப்புருவின் அளவு. அங்கே கிடைக்கும் பல நோட்டீஸ் வார்ப்புருக்கள் அமெரிக்க லெட்டர் அளவில், அதாவது 8.5 × 11 அங்குலத்தில் இருக்கின்றன. ஏ5 தாளின் விகிதம் அதுவல்ல. அகலத்தை 148க்குப் பொருத்தினால் உயரம் 191.5 மி.மீ தான் வரும், கிட்டத்தட்ட 18 மி.மீ வெறுமை. உயரத்தை 210க்குப் பொருத்தினால் பக்கத்துக்கு 7 மி.மீ வெட்டுப்படும். எந்தப் பிளீட் தெரிவும் இதைத் திருத்தாது; ஆரம்பத்திலேயே 148 × 210 என்று அளவு கொடுத்து வரைய வேண்டும்.

பாதுகாப்பு ஓரத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே 5 மி.மீ வரை எழுத்து வரக் கூடாது. எங்கள் பக்கத்து நோட்டீஸ்களின் தனி நோய், விளிம்பை ஒட்டிச் சுற்றிவரப் போடும் மெல்லிய பெட்டிக்கோடு. கட்டாக அடுக்கிக் கத்தியில் வெட்டும்போது 1 மி.மீ நகர்வது சாதாரணம். விளிம்பிலிருந்து 3 மி.மீ இல் போட்ட கோடு ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று நிற்கும், அதை யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். அதே நகர்வு 8 மி.மீ உள்ளே போட்ட கோட்டில் கண்ணில் படாது.

தெளிவுத்திறன் பற்றி ஒரு தவறான எண்ணத்தை மட்டும் களையலாம். வட்ஸ்அப்பில் வந்த படம் எல்லாம் குப்பை என்பார்கள். நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் உள்ள ஒரு குழுப்படத்தை 154 மி.மீ அகலத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 264 பிக்சல் கிடைக்கும், அது போதும். பிரச்சினை முழு நோட்டீஸையுமே படமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவதில்தான். 1600 பிக்சல் 210 மி.மீ உயரத்தில் பரவும்போது அங்குலத்துக்கு 193 தான். முகங்கள் தப்பிவிடும், எழுத்து தப்பாது. ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தகடு, அதாவது பிளேட், எடுக்கும் இயந்திரம் பெரும்பாலும் அங்குலத்துக்கு 2400 புள்ளியில் வேலை செய்கிறது; எழுத்து எழுத்தாகவே போனால் அந்தக் கூர்மை முழுதும் கிடைக்கும், படமாகப் போனால் ழகரத்தின் சுழி மங்கிவிடும். கன்வாவில் `Flatten PDF` தெரிவும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. அதைப் போடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். திரையின் கறுப்பு என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூச்சியம். அதை அச்சு நிறத்துக்கு மாற்றும்போது மென்பொருள் தன் கணக்குப்படி நான்கு மையையும் கலக்கிறது. போட்டோஷொப்பில் பலர் கைவைக்காமல் விடும் அமெரிக்க `SWOP` அமைப்பில் அது சயன் 75, மஜெண்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 வீதம் மை. பெரிய தலைப்புக்கு அது செழிப்பான கறுப்பு. 9 புள்ளி அளவில் உள்ள நேர அட்டவணைக்கு அது நாசம். அந்த அளவில் தமிழ் எழுத்தின் கோடு கால் மில்லிமீற்றர் அளவுதான் தடிப்பம். நான்கு பிளேட்டில் ஒன்று 0.1 மி.மீ நகர்ந்தாலே எழுத்தோரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். ண, ழ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி மொட்டையாகும். இரண்டு நிற இயந்திரத்தில் தாளை இரண்டு முறை ஓட்டுகிற அச்சகத்தில் இது இன்னும் மோசம். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் தாள் ஈரப்பதத்தை உறிஞ்சிச் சற்று விரியும், அப்புறம் நிறங்களைச் சரியாகப் பொருத்துவது கடினம். பூச்சில்லாத பாங்க் பேப்பரில் அவ்வளவு மை காயவும் நேரமெடுக்கும். அடுக்கி வைத்த தாளின் முதுகில் ஒட்டிவிடும்.

இலஸ்ரேட்டரில் பைலை முதலிலேயே சி.எம்.வை.கே ஆகத் திறந்து, எழுத்துக்குக் கறுப்பு 100, மற்றவை 0 என்று கொடுத்தால் எழுத்து ஒரே பிளேட்டில் நிற்கும். நகர்வதற்கு அங்கே இன்னொரு நிறமே இல்லை. திரையின் நிறமுறையான ஆர்.ஜி.பி இல் வரைந்து முடித்த பின்னர் சி.எம்.வை.கே க்கு மாற்றினால் அந்த நன்மை போய்விடும், அதே நான்கு நிறக் கறுப்புத்தான் வரும்.

பலர் நினைக்காத கணக்கு இனித்தான் வருகிறது. எழுத்து கறுப்புப் பிளேட்டில் மட்டும் இருந்தால், மூன்று கிளைக்கும் சயன், மஜெண்டா, மஞ்சள் பிளேட்டுகள் பொது. கிளைக்கு ஒரு கறுப்புப் பிளேட், ஆக மொத்தம் 6. நான்கு நிறக் கறுப்பாக இருந்தால் கிளைக்கு 4 வீதம் 12. இரண்டு நிற இயந்திரமென்றால், சயனும் மஜெண்டாவும் 6000 தாளுக்கும் ஒரே ஓட்டம். மஞ்சளும் கறுப்பும் இரண்டாம் ஓட்டம். அதில் கறுப்புப் பிளேட்டை மட்டும் இரண்டு தடவை மாற்றினால் வேலை முடிந்தது. பிளேட் விலை மட்டுமல்ல, ஒவ்வொரு தடவையும் நிறம் பொருத்த வீணாகும் தாளும் நேரமும் மிஞ்சும்.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. கறுப்பு எழுத்து பின்னணி நிறத்தின் மேலேயே அச்சாக வேண்டும், அதாவது ஓவர்பிரிண்ட். இல்லாவிட்டால் மற்ற மூன்று பிளேட்டிலும் யாழ்ப்பாணக் கிளை அட்டவணையின் வடிவில் வெள்ளை ஓட்டை விழுந்திருக்கும். அதன் மேல் நெல்லியடி அட்டவணையை அச்சிட முடியாது. இன்டிசைனில் `[Black]` நிறம் தானாகவே ஓவர்பிரிண்ட் ஆகும். இலஸ்ரேட்டரில் எழுத்தைத் தெரிவு செய்து `Attributes` பலகத்தில் `Overprint Fill` போட வேண்டும். கன்வாவில் இதற்கு வழியில்லை. சிவப்புப் பட்டையில் வெள்ளையாக விட்ட தொலைபேசி இலக்கத்துக்கும் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் அந்த வெள்ளை மற்றப் பிளேட்டுகளில்தான் இருக்கிறது. ஆகவே மாறும் விபரம் எல்லாம் வெளிர் நிறத்தின் மேல் கறுப்பில் இருக்கட்டும்.

சோதனை ஒன்றே போதும். அக்ரோபட் புரோவில் பி.டி.எப்பைத் திறந்து `Output Preview` க்குப் போய், நிறப் பட்டியலில் `Process Black` ஐ மட்டும் அணையுங்கள். அட்டவணை தடயமே இல்லாமல் மறைந்து, பின்னணி முழுதாகத் தெரிந்தால் பைல் சரி. எழுத்து இருந்த இடத்தில் வெள்ளை எழுத்து தெரிந்தால் கறுப்பு தனிக் கறுப்புத்தான், ஓவர்பிரிண்ட் போடவில்லை. மண்ணிறமாக எழுத்து அப்படியே நின்றால் அது நான்கு நிறக் கறுப்பு. அக்ரோபட் இல்லாத இடத்தில், சி.எம்.வை.கே பைலாக இருந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் நான்கு பிளேட்டையும் தனித்தனிப் படமாகப் பிரித்துத் தரும்:

```
gs -o plate_%d.tif -sDEVICE=tiffsep -r300 flyer.pdf
```

சயன் படத்தைத் திறந்து பாருங்கள். அதில் அட்டவணையின் எழுத்து தெரியக் கூடாது.

கன்வா பைல்தான் கையில் இருக்கிறது, திரும்ப வரைய நேரமில்லை என்றால் பாதி வழி ஒன்று உண்டு. எழுத்தின் நிறத்தை மிகச் சரியாக `#000000` ஆக வைத்து, தட்டையாக்காத பி.டி.எப் எடுத்து, அக்ரோபட்டின் `Convert Colors` இல் `Preserve Black` தெரிவு செய்து மாற்றலாம். அது ஆர்.ஜி.பி கறுப்பெழுத்து நான்கு நிறமாகாமல் காக்கும். `#1A1A1A` போன்ற 'கிட்டத்தட்ட கறுப்பு' அதற்குக் கறுப்பல்ல, வார்ப்புருக்களில் அதுதான் அதிகம். கன்வாவின் கட்டணக் கணக்கில் சி.எம்.வை.கே தெரிவு இருப்பதை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பைலின் நிறமுறை சி.எம்.வை.கே என்பதால் மட்டும் எழுத்து தனிக் கறுப்பு ஆகிவிடாது.

இலஸ்ரேட்டருக்கும் குறை உண்டு, அது தமிழிலேயே இருக்கிறது. `World-Ready Composer` போடாமல் யுனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்குப் பயந்துதான் இன்னமும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடவில்லை. பாமினியைப் பயன்படுத்தினால் வேறு வினை: எழுத்துரு இல்லாத கணினியில் பைலைத் திறந்தால் யாழ்ப்பாணம் `aho;g;ghzk;` ஆகிவிடும். எழுத்துகளை `Create Outlines` ஆக்கிய பிரதியை அச்சகத்துக்கு, ஆக்காத பிரதியை உங்களுக்கு என இரண்டாக வைக்க வேண்டும். ஓவர்பிரிண்ட் நிலைத்திருக்கிறதா என்று அதன் பிறகும் பார்க்க வேண்டும். கன்வாவில் யுனிகோட் தமிழ் ஒழுங்காகவே விழுகிறது, அதை மறுக்க முடியாது.

சில நூறு பிரதிகள் மட்டும், டிஜிற்றல் அச்சு என்றால் இந்த வாதத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அங்கே பிளேட் இல்லை, மூன்று கிளைக்கு மூன்று பைல் கொடுத்தால் அவ்வளவுதான். பல டிஜிற்றல் இயந்திரங்களில் கறுப்பெழுத்தைத் தனிக் கறுப்பாக அச்சிடும் அமைப்பும் இருக்கிறது; அந்த அச்சகம் அதைப் போட்டு வைத்திருக்கிறதா என்பதை அட்டவணைப் பகுதியை மட்டும் ஒரு தாள் எடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்துத்தான் சொல்லலாம். அந்த வேலைக்குக் கன்வா பைல், 3 மி.மீ பிளீட், 5 மி.மீ ஓரம் இவை சரியாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.