'அபி ரோடு' ஆல்பம்: கேசட், இசைத்தட்டு, சிடி மூன்றிலும் நாற்பது ஆண்டு கேட்ட அனுபவம்

சென்ற மாதம் என் கேசட் டெக்கைப் பழுதுபார்த்து வாங்கி வந்த வாரத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, நீங்க சொன்ன பீட்டில்ஸ் சிடியில ஆறாவது பாட்டு முடியிற இடத்துல பட்டுன்னு வெட்டிடுது. டிஸ்க் கெட்டுப்போச்சா? கடையில திருப்பிக் கொடுக்கவா?" என்று கேட்டான். கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வியையே நானும் 1983-இல், பதினைந்து வயதில், பினாங்கு ரோட்டில் ஒரு கேசட் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கடையில் இருந்த இன்னொரு கேசட்டைப் போட்டு, அதே இடம் வரை ஓட்டிக் காட்டினார். அதுவும் அதே இடத்தில்தான் அறுந்தது.

பீட்டில்ஸ் குழுவின் 'அபி ரோடு' ஆல்பத்தில் வரும் அந்தப் பாட்டு 'ஐ வான்ட் யூ (ஷீஸ் ஸோ ஹெவி)'. ஏழே முக்கால் நிமிடம் நீளும் அதன் கடைசிப் பகுதியில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வருகிறது. மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் உண்டாக்கிய காற்றோசை மெல்ல எழுந்து வாத்தியங்களை எல்லாம் மூடிக்கொண்டே வருகிறது. தேய்ந்து அடங்கும் என்று காது எதிர்பார்க்கும் நேரத்தில், இசை வரியின் நடுவிலேயே ஒலி முழுவதும் நின்றுபோகிறது. குழுவின் ஜான் லெனன் அந்த இடத்தில் நாடாவை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்பதை அவர் மட்டும் தீர்மானிக்கவில்லை. நாம் எந்த வடிவத்தில் கேட்கிறோம் என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. மூன்று வடிவங்களையும் வைத்திருக்கும் எனக்கு இத்தனை ஆண்டுகளாக மனத்தை உறுத்துவது இந்த ஓர் இடம்தான்.

1969 செப்டம்பரில் வெளியான இசைத்தட்டில் இந்தப் பாட்டு முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. வெட்டு விழுந்ததும் ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடும் மெல்லிய பொரிச்சல் மட்டும் கேட்கும். கேட்பவர் எழுந்து போய், ஊசி பொருத்திய கையைத் தூக்கி வைத்து, தட்டைப் புரட்டி, தூசி துடைத்து, மீண்டும் ஊசியை இறக்க வேண்டும். இதற்கு எனக்கு ஒரு நிமிடம்போல ஆகும். அந்த ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டின் கிட்டார் தொடங்கும்போது, இரவெல்லாம் அடைபட்டுக் கிடந்த அறையில் யாரோ சன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். நான் இதை முதலில் கேட்டது 1991-இல், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பொருள் கடையில் 12 ரிங்கிட்டுக்கு வாங்கிய தட்டில். அன்று தட்டைப் புரட்டிய பிறகு உட்காராமல் நின்றபடியே அந்தப் பாட்டை முழுவதும் கேட்டேன்.

இசைத்தட்டுக்கு இருக்கும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். முதல் பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகிறது. இது தட்டின் ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகமான பாரம். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது என்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும்போது, நடு லேபிளுக்கு அருகில் அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், ஊசியால் அதைச் சரியாகத் தொடர முடிவதில்லை. இந்த ஆல்பத்தில் மிகவும் அடர்த்தியான, இரைச்சலான பகுதி அந்த உள் வட்டத்தில்தான் வந்து விழுகிறது. தட்டில் அந்தக் கடைசி மூன்று நிமிடம் கரகரப்பாகக் கேட்டால் உடனே புது ஊசி வாங்க ஓட வேண்டாம். அதே பக்கத்தின் முதல் பாட்டைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் கரகரத்தால் ஊசி தேய்ந்திருக்கக்கூடும். முதல் பாட்டு தெளிவாக இருந்து உள்வட்டம் மட்டும் கரகரத்தால், ஊசி பொருத்தியிருக்கும் கோணத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இனி கேசட். 1991 வரை எனக்கு இந்த ஆல்பம் என்றால் என் கேசட்தான். அதில் முதல் பாட்டு 'ஹியர் கம்ஸ் த சன்', இரண்டாவது 'சம்திங்'. இரண்டுமே குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியவை. அடுத்தடுத்து நின்ற அந்த இரண்டு பாட்டுகளை வைத்து, இது முதன்மையாக ஹாரிசனின் ஆல்பம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். வெட்டு விழுந்த பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டால் 'கம் டுகெதர்' தொடங்கும். அதாவது அந்தப் புயல் ஓய்ந்த பின்னும் விடியல் இல்லை, அடுத்து வருவது அடித்தொண்டையில் உறுமுவதுபோன்ற ஒரு பேஸ் கிட்டார். இசைத்தட்டில் 'கம் டுகெதர்' முதல் பக்கத்தின் தொடக்கம், 'ஹியர் கம்ஸ் த சன்' இரண்டாம் பக்கத்தின் தொடக்கம். அந்நாளைய கேசட் பதிப்புகளில் இவ்விரண்டும் இடம் மாறின.

ஏன் மாற்றினார்கள் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். இசைத்தட்டின் முதல் பக்கம் சுமார் 24 நிமிடம் 53 விநாடி, இரண்டாம் பக்கம் சுமார் 22 நிமிடம் 13 விநாடி. தட்டில் ஒரு பக்கம் குறுகியதாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை, ஊசி சற்று முன்னதாக நின்றுவிடும், அவ்வளவுதான். கேசட்டிலோ இரண்டு பக்கங்களும் ஒரே நாடாவின் இரு பாதிகள். ஒரு பக்கம் நீண்டால் நாடாவையே நீட்ட வேண்டும். மறுபக்கத்தில் அந்த 2 நிமிடம் 40 விநாடி வெற்று நாடாவாக ஓடும், கேட்பவர் அதைச் சுற்றிக் கடக்க வேண்டும். 'கம் டுகெதர்' 4 நிமிடம் 19 விநாடி, 'ஹியர் கம்ஸ் த சன்' 3 நிமிடம் 5 விநாடி. இரண்டையும் இடம் மாற்றினால் முதல் பக்கம் 23:39 ஆகவும் இரண்டாம் பக்கம் 23:27 ஆகவும் வந்துவிடுகிறது. வித்தியாசம் பன்னிரண்டு விநாடிதான். நாடாக் கணக்கு கச்சிதமாகத் தீர்ந்தது, ஆல்பத்தின் விடியல் காணாமல் போனது. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என் பதின்பருவம் முழுவதும் நான் மனப்பாடமாகக் கேட்ட வரிசை, இசைக்காக யாரும் அமைத்தது அல்ல, நாடாவின் நீளத்துக்காக அமைந்தது.

சிடியை 1996-இல் வாங்கினேன். பாட்டுகளின் மூல வரிசை திரும்பக் கிடைத்தது, உள்வட்டக் கரகரப்பு இல்லை, நாடாவின் இரைச்சல் இல்லை. காற்றோசைக்கு அடியில் டிரம்ஸ் என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் சிடியில்தான் தெளிவாகக் கேட்டேன். இவ்வளவையும் கொடுத்த சிடி, அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டது. ஆறாவது பாட்டு வெட்டுப்பட்டு ஓரிரு விநாடிக்குள் ஏழாவது பாட்டின் கிட்டார் தொடங்கிவிடுகிறது. அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ள நேரமில்லை, எழுந்து நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் அக்காள் மகனுக்கு அது பழுதாகத் தோன்றியதில் வியப்பில்லை. பக்கம் முடிகிறது என்ற அறிவிப்பே இல்லாதபோது, பாதியில் நின்ற பாட்டை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ஆல்பத்தின் கடைசியிலும் இதே கதைதான். 'தி எண்ட்' முடிந்து சுமார் 14 விநாடி மௌனத்துக்குப் பிறகு, அரை நிமிடம்கூட இல்லாத 'ஹெர் மெஜஸ்டி' திடீரென்று வரும். முதலில் அச்சான உறைகளில் அதன் பெயரே இல்லை. தட்டிலும் கேசட்டிலும் அது நிறுத்தப் போன கையைத் தடுத்து நிறுத்தும். சிடி இயந்திரத்திலோ தட்டை உள்ளே தள்ளிய உடனேயே 17 பாட்டுகள் என்று எண் எரிந்துவிடுகிறது.

கேசட் டெக்கின் பழுதுக்கு வருகிறேன். ரப்பர் பெல்ட் இளகித் தார் போலக் கப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய பெல்ட்டுகளுக்கு இது நேராமல் இருப்பதுதான் அபூர்வம். கடைக்காரர் பெல்ட்டோடு மோட்டாரையும் மாற்றி 140 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து போட்டால் எல்லாரும் சற்றுக் கீச்சுக் குரலில், அவசரமாகப் பாடுகிறார்கள். எவ்வளவு வேகம் என்று அளக்க, தொடக்கமும் முடிவும் துல்லியமாகத் தெரியும் ஒரு பாட்டு வேண்டும். தேய்ந்து அடங்கும் பாட்டுகளில் முடிவை இந்த விநாடி என்று குறிக்க முடியாது. அப்போதுதான் அந்த வெட்டு நினைவுக்கு வந்தது. சிடியில் முதல் சுரத்திலிருந்து வெட்டு வரை கைக்கடிகாரத்தில் 7 நிமிடம் 44 விநாடி, கேசட்டில் 7 நிமிடம் 27 விநாடி. ஏறத்தாழ 4 விழுக்காடு வேகம் கூடியிருந்தது. காதில் அது அரைச் சுரத்தில் பாதிக்கும் மேலான ஏற்றம்.

டெக்கைத் திறந்து பார்த்தேன். மோட்டாரின் பின்புறம் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்தான் வேகத்தைத் திருத்தும் சிறு திருகு இருக்கிறது. மெல்லிய ஸ்குரூடிரைவரை விட்டு மயிரிழை அளவு திருப்பி, மறுபடி பாட்டை முழுவதும் ஓட்டி அளந்தேன். நான்காவது முறை 7 நிமிடம் 43 விநாடி வந்தது. இதற்கு மேல் திருப்பாமல் மூடிவிட்டேன். இதைச் செய்பவர்கள் மின்சாரப் பகுதியில் கை வைக்காமலும், உலோகத் திருப்புளியின் கைப்பிடி உறையிட்டதாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் பின் மோட்டார் நிலைபெற ஒரு நிமிடம் ஓட விடுவதும் நல்லது.

அக்காள் மகனுக்கு என் பதில் இதுதான். இந்த ஆல்பத்தை அதை உருவாக்கியவர்கள் நினைத்தபடி கேட்க வேண்டுமானால் இசைத்தட்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ள தட்டுக்கும், அதை ஓட்டும் இயந்திரத்துக்கும் இன்று ஆகும் செலவை அவனுடைய சம்பளத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சிடியையே வைத்துக்கொள்ளட்டும், ஆறாவது பாட்டு அறுந்ததும் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தி, எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஏழாவது பாட்டைத் தொடங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்ததாகச் சொன்னான். "இப்பதான் மாமா புரியுது" என்றான்.

இசைத்தட்டுதான் சரியானது என்று இவ்வளவு எழுதிய பிறகும், திருத்திய நாளிலிருந்து நான் இந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பது முழுவதும் கேசட்டில்தான். வரிசை தவறு என்று தெரியும், காரணமும் தெரியும். வெட்டு விழுந்து நாடா நின்றதும், கேசட்டைத் திருப்பும்போதே 'கம் டுகெதர்' என் காதில் முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிடுகிறது. பினாங்கு ரோட்டில் அந்தக் கடைக்காரர் அன்று இரண்டாவது கேசட்டைத் திருப்பிப் போட்டபோதும் அதே பாட்டுத்தான் வந்தது.