ஆக்சிலேட்டர் திரும்பி வர மறுத்தால்: கேபிளா, த்ராட்டில் பாடியா, பெடலா?

போன ஐப்பசி மழையில் எங்கள் கார் மூன்று வாரம் வாசலிலேயே நின்றது. 2006 மாடல் சின்ன கார், கேபிள் வைத்த ஆக்சிலேட்டர். மழை விட்டதும் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்குக் கிளம்பினேன். சமயபுரம் சுங்கச்சாவடியை நெருங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி இழுத்துக்கொண்டே போனது. பெடல் பாதி வழியில் நின்று, இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் மெதுவாக மேலே ஏறியது. கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஓரம் கட்டினேன். கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொன்னார்கள். மெக்கானிக், "கேபிள் காஞ்சு போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். மச்சான், "அதெல்லாம் இல்ல மாமா, த்ராட்டில் பாடியில கார்பன் ஏறியிருக்கும், கிளீன் பண்ணா போதும்" என்றான். முப்பது வருடம் லாரி ஓட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவர் உள்ளே குனிந்து, பெடலைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். "புஷ் தேஞ்சிருக்கு தம்பி, இதுதான்" என்றார். பெடல் அசையும் அச்சில் உட்காரும் வளையத்தைத்தான் புஷ் என்கிறார். மூன்றுமே நடக்கக்கூடிய பழுதுகள்தான். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி தெரியாது. எது எப்படித் தெரியும் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் தரைவிரிப்பைப் பாருங்கள். மேட் நகர்ந்து பெடலின் அடியில் சொருகியிருந்தால் கீழே சொல்லும் எதுவும் தேவைப்படாது.

பெடலைத் தூக்கிப் பார்ப்பது

கேபிளால் இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது. நாம் மிதிக்கும்போது உள்கம்பி இழுபட்டு, த்ராட்டில் பாடிக்குள் இருந்துகொண்டு இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பட்டர்ஃபிளை வால்வு திறக்கிறது. காலை எடுத்ததும் த்ராட்டில் பாடியின் பக்கத்தில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்தான் வால்வை மூடிக் கம்பியைத் திரும்ப இழுக்கிறது. பல வண்டிகளில் பெடலிலும் தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கும்.

இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து விடுங்கள். இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கினால், ஷூ நுனியைப் பெடலின் அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். தூக்கிய கணமே வேகம் இறங்கினால் உராய்வு பெடலில் இருக்கிறது, ஏனென்றால் பெடல் விட்டதும் மற்ற எல்லாம் தானாகத் திரும்பிவிட்டது. பெடல் மேலே வந்தும் இன்ஜின் வேகம் இறங்கவில்லை, பெடல் தொளதொளவென்று இருக்கிறது என்றால், கம்பி உறைக்குள் சிக்கியிருக்கிறது அல்லது வால்வே சிக்கியிருக்கிறது.

என் வண்டியில் பெடல் மேலே வந்துவிட்டது, வேகம் இறங்கவில்லை. பெரியவர் சொன்ன புஷ் தேய்மானம் உண்மைதான், ஆனால் குற்றவாளி அதுவல்ல.

கேபிளையும் த்ராட்டில் பாடியையும் பிரிப்பது

மிச்சம் இரண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, த்ராட்டில் பாடியின் ஓரத்தில் இருக்கும் அரைவட்டச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கேபிள் தளரும். அதன் முனையில் இருக்கும் உருண்டை நிப்பிளைக் காடியிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். இப்போது அந்தச் சக்கரத்தை முழுதாகத் திறந்து, கையை விடுங்கள். 'டக்' என்று ஓசையோடு மூடிக்கொண்டால் த்ராட்டில் பாடி திரும்பும் விஷயத்தில் சரியாக இருக்கிறது. பிறகு ஒருவர் பெடலைக் கையால் மெதுவாக அழுத்தி விட, நீங்கள் கேபிள் முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிள் வழவழவென்று போய் வரும். காய்ந்த கேபிளில் மணலை அரைப்பதுபோல் விரலில் தெரியும்.

என் வண்டியில் மூடும் ஓசை கேட்டது, கேபிளிலும் மணல் அரைந்தது. மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆனால் நான் முதலில் மச்சான் பேச்சைக் கேட்டு த்ராட்டில் பாடியைத்தான் சுத்தம் செய்தேன், அதில் கொஞ்சம் பலனும் கிடைத்தது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

சுத்தம் செய்தால் எது சரியாகும், எது ஆகாது

இன்ஜினின் எண்ணெய்ப் புகை பிரீத்தர் ஹோஸ் வழியாக உள்ளிழுக்கும் காற்றோடு சேர்கிறது. அது வால்வின் விளிம்பிலும், வால்வு மூடி உட்காரும் இடத்திலும் பிசுபிசுப்பான கரிய வளையமாகப் படிகிறது. வால்வு மூடியிருக்கும்போது அந்த வளையம் பசைபோல் பிடித்துக்கொள்ளும். அதனால் அழுக்கு த்ராட்டில் பாடியின் முதல் அறிகுறி பெடல் கிளம்ப மறுப்பது. காலையில் முதல் மிதிக்கு அசையாது, கொஞ்சம் அழுத்தினால் 'படக்' என்று விட்டு வண்டி குதிக்கும். அதன் பிறகு மொத்த தூரமும் லேசாகப் போகும். கூடவே ஐட்லிங் ஏறி இறங்கும், சிக்னலில் வண்டி அணையும்.

திரும்பும் வழியில் அந்த வளையம் செய்யும் கெடுதல் கடைசிச் சிறு கோணத்தில்தான். வால்வு முழுதாக மூடாமல் ஐட்லிங் சற்று உயர்ந்து நிற்கலாம். பெடல் பாதி வழியில் நிற்கிறது, இன்ஜின் உயர் வேகத்திலேயே தொங்குகிறது என்றால் கார்பன்மேல் பழி போடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். வால்வின் தண்டு தேய்ந்து துளைக்குள் ஆடுவதாக இருந்தால் மட்டும் த்ராட்டில் பாடியே எந்த இடத்திலும் சிக்கலாம். அதைச் சுத்தம் செய்து சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யும் சோதனையிலேயே இது தெரிந்துவிடும்.

என் வண்டியில் கார்பனும் இருந்தது. துடைத்ததும் காலை நேரத்துக் குதிப்பு போய்விட்டது, நான் மகிழ்ந்துபோனேன். மெதுவாகத் திரும்பும் நோய் அப்படியே இருந்தது. இரண்டு தனித்தனி நோய்களை ஒன்றென்று நினைத்திருக்கிறேன்.

சுத்தம் செய்வதாக இருந்தால் த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரையே வாங்குங்கள். கார்புரேட்டருக்கான காரமான கிளீனர் சில த்ராட்டில் பாடிகளின் உள்பூச்சைக் கரைத்துவிடும். இன்ஜினை அணைத்து, காற்றுக் குழாயைக் கழற்றி, வால்வைக் கையால் திறந்து பிடித்தபடி, துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். உள்ளே வெள்ளமாக அடித்தால் தண்டு வழியாகப் பக்கத்திலிருக்கும் சென்சாருக்குள் இறங்கும். முடித்தபின் முதல் ஸ்டார்ட் கொஞ்சம் இழுக்கும், ஐட்லிங்கும் சற்று நேரம் மாறுபடலாம். அதைப் பார்த்துப் பயந்து வால்வு நிற்கும் இடத்திலுள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிவிடாதீர்கள்.

கேபிளுக்கு எண்ணெயா, புதுசா?

மூன்று பழுதுகளுக்குள்ளும் எனக்கு அதிக அக்கறை இதில்தான். வெளி உறை, உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் குழல், நடுவே பல இழைகள் முறுக்கிய எஃகுக் கம்பி. இதுதான் கேபிள். தடுப்புச் சுவரைத் துளைத்து இன்ஜின் பக்கம் வரும் வளைவில் உராய்வு அதிகம். அங்கே உள்ள ரப்பர் கிழிந்தால் தண்ணீரும் தூசியும் உறைக்குள் போகும். மூன்று வாரம் மழையில் அசையாமல் நின்ற என் வண்டியில் நடந்தது அதுதான்.

எண்ணெய் விடுவது மலிவான வழி. கேபிளின் ஒரு முனையை உயர்த்திக் கட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைப் புனல்போல் இறுக்கி, தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுக்க அப்படியே தொங்கவிட்டேன். காலையில் கீழ்முனை வழியாகச் செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. பெடல் புது வண்டிபோல் மாறியது. அந்தச் சுகம் இரண்டு மாதம் நீடித்தது. கிரீஸ் வைப்பதோ இதைவிட மோசம், தூசியைப் பிடித்து வைத்து உள்ளே மாவாகத் திரளும். துருவை இளக்கும் ஸ்ப்ரே அழுக்கைக் கழுவும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இரண்டாவது முறை பெடல் கனத்தபோது கேபிளை முழுதாக உருவினேன். பெடல் பக்க நிப்பிளுக்குச் சற்று முன்னால் இரண்டு இழைகள் அறுந்து, முள்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மிதிக்கும் அந்த முட்கள் உறையின் உட்சுவரைச் சுரண்டியிருக்கின்றன. எண்ணெய் அந்தச் சுரண்டலை மறைத்ததே தவிர நிறுத்தவில்லை. முள் உறையில் குத்திக்கொண்டால் ஆக்சிலேட்டர் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஆகவே என் முடிவு இது. எண்ணெய் விடுவதை, பழுது கேபிளில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறுதியானதும் கேபிளை மாற்றிவிடுங்கள். சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய், ஒரு மணி நேர வேலை. புதியதைப் பழையது போன வழியிலேயே கூர்மையாக மடங்காமல் கொண்டுபோக வேண்டும், சைலன்ஸர் பக்கச் சூட்டில் படக்கூடாது, ரப்பர் சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் தளர்வு விட்டு நட்டை இறுக்கியபின், ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, வால்வு முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் முழுதாக மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பெடல் புஷ்

அறிகுறி எளிது: கீச்சுச் சத்தம், பக்கவாட்டு ஆட்டம், ஷூ படும் கோணத்தைப் பொறுத்து ஒரு முறை நன்றாகவும் ஒரு முறை கனமாகவும் இருப்பது. ஆட்டம் மட்டும் இருந்து சோதனையில் தப்பித்தால் உடனே அவசரமில்லை. கேபிள் மாற்றுகிற அன்றே அதையும் மாற்றினேன், எப்படியும் குனிந்திருந்தேன்.

கேபிளே இல்லாத எலக்ட்ரானிக் பெடலிலும் இந்த உராய்வுப் பிரச்சினை உண்டு. 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பெடலுக்குள் இருந்த உராய்வுப் பாகம் தேய்ந்து பெடல் மெதுவாகத் திரும்பியதற்காகத்தான்.

வண்டி ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விட்டு விட்டு மிதித்தால், த்ராட்டில் திறந்திருக்கும்போது வாக்யூம் குறைந்து பிரேக் கல்லாகிவிடும். வண்டி நின்றபிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.