வேகத்தைப் பற்றிப் புகார் இல்லை, பைட் நீளம்தான் உயிரை வாங்குகிறது

"அண்ணே, உங்க விஎம்ல இன்னும் பழைய ஸ்விட்ச்தானா? கம்ப்யூட்டட் கோட்டோவுக்கு மாத்தலையா?" என்று தம்பி முறை நண்பர் ஒருவர் கேட்டார். சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் மொழி எழுத உட்கார்ந்திருக்கிறார். அதே வாரம்தான் எங்கள் டேட்டா லாகரில் ஒரு கோளாறைச் சரிசெய்து முடித்திருந்தோம். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சின்ன ஸ்டாக் விஎம், அதாவது பைட்கோடைப் படித்து ஓட்டும் மெய்நிகர் இயந்திரம். கார்டெக்ஸ்-எம்4 சிப்பில் ஓடுகிறது. வாடிக்கையாளர் எழுதும் கணக்கீட்டு ஸ்கிரிப்ட் பைட்கோடாக மாறி ஃப்ளாஷில் உட்காரும். ஒரு பைட்டை எடுப்பது, ஸ்விட்ச் போடுவது, வேலையை முடித்து மறுபடி மேலே போவது. அவ்வளவுதான் லூப். வருடக்கணக்கில் பயன்படுத்துகிறோம்.

முதலில் வேகம், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். ஸ்விட்ச்சில் எல்லா ஆப்கோடும், அதாவது எந்த வேலை என்று சொல்லும் பைட் எதுவானாலும், ஒரே தாவல் கட்டளை வழியாகத்தான் பிரியும். அடுத்து எங்கே போகும் என்று பழைய ப்ராசஸர்களால் சரியாக ஊகிக்க முடியாது. கம்ப்யூட்டட் கோட்டோவில் ஒவ்வொரு ஆப்கோடின் முடிவிலும் தனித் தாவல் இருப்பதால் ஊகம் சரியாக அமையும். ஒரு காலத்தில் இது பெரிய லாபம். ஆனால் இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையிலேயே ஊகிக்கும் பகுதி நன்றாகத் தேறிவிட்டது. என் மேசைக் கணினியில் மாற்றிப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசம், ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இல்லை. எம்4-இல் அப்படி ஊகிக்கும் பகுதியே கிடையாது. அதற்குப் பதிலாக அட்டவணையைப் பார்த்துத் தாவுவதற்கென்றே `tbb`, `tbh` கட்டளைகள் உண்டு, ஜிசிசி ஸ்விட்ச்சை அப்படியே அதில் இறக்கிவிடுகிறது. பைத்தான் 3.14-இன் புது இன்டர்ப்ரெட்டர் கதையும் தெரிந்திருக்கும். 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் என்று முதலில் பேச்சு. பிறகு பார்த்தால் ஒப்பிட்ட பழைய லூப்பை கிளாங் 19 கெடுத்து வைத்திருந்தது, உண்மையான லாபம் 3 முதல் 5 சதவீதம்தான். ஆக, வேகத்துக்காக ஸ்விட்ச்சைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நான் திட்டுவது வேறு விஷயத்துக்கு. ஒரு ஆப்கோடுக்குப் பின்னால் எத்தனை பைட் ஆபரேண்ட் வரும் என்பது எங்கேயும் ஒரே இடத்தில் எழுதப்படவில்லை. கம்பைலருக்குத் தெரியும், டிஸ்அசெம்ப்ளருக்குத் தெரியும், ஸ்விட்ச்சின் ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனியாகத் தெரியும். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் சத்தம் போடுவதில்லை.

இந்த முறை வந்தது இதுதான். முன்பு ஒரு பைட்டாக இருந்த தாவல் தூரத்தை, நான் வருவதற்கு முன் யாரோ இரண்டு பைட்டாக ஆக்கியிருக்கிறார்கள். ஸ்விட்ச்சில் ஒரு கிளை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது:

```c
case OP_JUMP_IF_FALSE: {
    uint16_t off = READ_U16(ip);
    if (sp[-1] == 0) ip += 2 + off;
    else             ip += 1;   /* 2 இருக்க வேண்டும் */
    break;
}
```

நிபந்தனை உண்மையானால், அடுத்துப் படிக்க வேண்டிய பைட்டைக் காட்டும் `ip` ஒரு பைட் முன்னதாக நிற்கும். அதாவது தூரத்தின் கீழ் பைட்டே அடுத்த ஆப்கோடாகப் படிக்கப்படும். அப்படியானால் உடனே வெடித்திருக்க வேண்டுமே? வெடிக்கவில்லை. `if` உள்ளே `t = x` இருந்த ஸ்கிரிப்ட்டின் பைட்டுகளைப் பாருங்கள்:

```
09 00 08   JUMP_IF_FALSE 8
01         POP
03 02      GET x
04 01      SET t
0A 00 01   JUMP 1
01         POP
```

எங்கள் எண்வரிசையில் 08 என்பது `NEG`. ஸ்டாக்கின் உச்சியில் இருக்கும் நிபந்தனை மதிப்பு 1 என்பது -1 ஆகிறது. அடுத்த `POP` அதைத் தூக்கி எறிகிறது. விடை சரி. யாருக்கும் தெரியாது.

வாடிக்கையாளர் `t = x` என்பதை `t = -x` என்று மாற்றினார். உள்ளே ஒரு `NEG` கூடியதால் தூரம் 9 ஆனது. 09 என்பது `JUMP_IF_FALSE`. இப்போது தூரத்தின் கீழ் பைட் இன்னொரு `JUMP_IF_FALSE` ஆக ஓடுகிறது. உச்சியில் உண்மைதான் இருக்கிறது, எனவே அதுவும் ஒரு பைட் மட்டும் நகர்கிறது. அந்த ஒரு பைட்தான் `POP`. அதைத் தாண்டி நேராக `GET x`-இல் போய் நிற்கிறது. கணக்கு சரியாகவே வருகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாக்கில் ஒரு இடம் காலியாகாமல் தங்கிவிடுகிறது. எங்கள் ஸ்டாக் 256 இடம், நிமிடத்துக்கு ஒரு சுற்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு `GET` வரியில் "ஸ்டாக் நிரம்பிவிட்டது" என்று நின்றது. டிஸ்அசெம்ப்ளரோ சரியான நீளத்தைத் தெரிந்து வைத்திருப்பதால் பட்டியலை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பிடிபட்டது எப்படி என்றால், லூப்பின் தலையில் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் `sp`-ஐ அச்சிட்டதில். ஒரே இடத்துக்குத் திரும்ப வரும்போது ஸ்டாக் ஆழம் மாறியிருந்தால் இந்த ரகக் கோளாறுதான். இங்கே ஸ்விட்ச்சுக்கு ஒரு சபாஷ். எல்லா ஆப்கோடும் கடந்துபோகும் ஒரே வாசல் இருப்பதால், ஒரு வரி சேர்த்தால் முழுத் தடமும் கையில். கோட்டோவில் இந்த வசதிக்கு மேக்ரோவைத் தோண்ட வேண்டும்.

இப்போது நீளங்களை ஒரே அட்டவணையில் வைத்துவிட்டோம். ஸ்விட்ச்சுக்கு முன்பே `ip += len[op]` ஓடிவிடும். கேஸ்கள் ஆபரேண்டைப் பின்னோக்கி `ip[-2]`, `ip[-1]` என்று படிக்கும், தாவல்களைத் தவிர வேறு எதுவும் `ip`-ஐத் தொடக் கூடாது. டிஸ்அசெம்ப்ளரும் அதே அட்டவணையைத்தான் பார்க்கிறது. ஒரு ஆப்கோடுக்கு ஒரு மெமரி வாசிப்பு கூடுதல் செலவு, போகட்டும்.

இன்னொரு சின்ன எரிச்சல். புது ஆப்கோடைச் சேர்த்துவிட்டு கேஸ் எழுத மறந்தால் `-Wswitch` எச்சரிக்கும். ஆனால் பாதுகாப்புக்காக `default` போட்டால் அந்த எச்சரிக்கை வாயை மூடிக்கொள்ளும். `default`-ஐ எடுத்துவிட்டு, எடுத்த பைட்டை `enum`-ஆக மாற்றி ஸ்விட்ச்சில் கொடுத்து, ஒவ்வொரு கேஸையும் `continue` கொண்டு முடித்து, பிழைக் கையாளலை ஸ்விட்ச்சுக்குக் கீழே வைத்தால் இரண்டும் கிடைக்கும். அப்புறம், 00-ஐ உருப்படியான ஆப்கோடுக்குக் கொடுக்காதீர்கள். தூரத்தின் மேல் பைட் பெரும்பாலும் 00-தான், வழிதவறிய `ip` அதில் விழுந்தால் அந்த இடத்திலேயே நிற்கட்டும்.

சரி, தம்பிக்குப் பதில். ஸ்விட்ச் நல்லது, எந்தக் கம்பைலரிலும் ஓடும், வேகமும் போதும், எட்டிப் பார்க்க எளிது. இவ்வளவும் சொன்ன பிறகும், இன்றைக்குக் கேட்டால் எங்களுடையதைப் பார்த்து அப்படியே எழுதாதே என்றுதான் சொல்வேன். ஃப்ளாஷ் இடம் இருந்தால் ஆப்கோடும் ஆபரேண்டும் சேர்த்து ஒவ்வொரு கட்டளையையும் 4 பைட்டாக வை. பைட்கோட் இரண்டு மடங்கு வீங்கும். வீங்கட்டும்.