ஒரு லட்சம், 7 சதவீதம், ஐந்து வருடம்: எஃப்.டி.யில் தனி வட்டியும் கூட்டு வட்டியும்

எஃப்.டி. போடப் போகும்போது "தனி வட்டி வேணுமா, கூட்டு வட்டி வேணுமா" என்று எந்த வங்கியிலும் கேட்க மாட்டார்கள். "வட்டியை மாசாமாசம் வாங்கிக்கிறீங்களா, மூணு மாசத்துக்கு ஒருமுறையா, இல்ல கடைசியில மொத்தமாவா?" என்றுதான் கேட்பார்கள். அதற்குச் சொல்லும் பதிலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வட்டியை அவ்வப்போது வெளியே எடுத்தால் டெபாசிட் தனி வட்டியில் ஓடுகிறது. உள்ளேயே விட்டால் கூட்டு வட்டியில் ஓடுகிறது. போர்டில் எழுதியிருக்கும் சதவீதம் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ரூ.1,00,000, வருடத்துக்கு 7%, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ரூ.1,750 சேமிப்புக் கணக்கில் வந்து விழும். இருபது காலாண்டுக்கு ரூ.35,000. முடிவில் அசல் ஒரு லட்சம் அப்படியே திரும்பி வரும். ஆகமொத்தம் ரூ.1,35,000.

இதையே மொத்தமாக முடிவில் வாங்குவதாகப் போட்டால், நம் வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. முதல் காலாண்டில் அதே ரூ.1,750 தான். ஆனால் அடுத்த காலாண்டுக்கு அசல் ரூ.1,01,750 ஆகிவிடுகிறது, அதற்கு வட்டி ரூ.1,780.63. மூன்றாவதில் ரூ.1,811.79, நான்காவதில் ரூ.1,843.49. முதல் வருட முடிவில் கணக்கில் ரூ.1,07,186 இருக்கும். கணக்குப் போடும் சூத்திரம் இது; P அசல், r வருட வட்டி விகிதம், n வருடங்கள்:

```
A = P × (1 + r/400)^(4n)
  = 1,00,000 × (1.0175)^20
  = 1,41,478
```

வருடவாரியாகப் பார்த்தால் வட்டி ரூ.7,186, 7,702, 8,256, 8,849, 9,485 என்று ஏறிக்கொண்டே போகிறது. தனி வட்டியில் வருடாவருடம் ரூ.7,000 மட்டுமே. முதல் வருடத்தில் வித்தியாசம் வெறும் ரூ.186, ஐந்தாம் வருடத்தில் மட்டும் ரூ.2,485. அதனால் ஒரு வருட எஃப்.டி.க்கு எப்படி வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. மூன்று வருடத்தைத் தாண்டினால்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் குறைவான டெபாசிட்டுக்குப் பெரும்பாலான வங்கிகளில் தனி வட்டிதான் கணக்கு.

மொத்த வித்தியாசம் ரூ.6,478. இது முழுக்க முழுக்க வட்டிக்குக் கிடைத்த வட்டி. வங்கி ஒருவருக்குக் கூட்டியும் இன்னொருவருக்குக் குறைத்தும் கொடுத்ததல்ல. வெளியே வந்த ரூ.1,750-ஐ நீங்களே ஒவ்வொரு முறையும் 7 சதவீதத்தில் போட்டு வந்திருந்தால் உங்களுக்கும் இதே ரூ.6,478 கிடைத்திருக்கும். நடைமுறையில் அது சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அங்கே 2.5% கிடைக்கும் என்று வைத்து, ஒரு ரூபாய்கூட எடுக்காமல் விட்டாலும், ஐந்து வருடத்தில் அந்த வட்டிப் பணத்துக்குச் சேர்வது சுமார் ரூ.2,158 தான். செலவுக்குத் தேவைப்படாத வட்டியை வெளியே எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். ஓய்வூதியம் இல்லாதவர்கள் வட்டியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்றால் வெளியே எடுப்பதே சரி. பணம் அவர்களுக்கு அப்போதே பயன்படுகிறது. மாதாமாதம் கேட்டால் ரூ.583 வராது, சுமார் ரூ.580 தான் வரும். காலாண்டு முடியும் முன்பே கொடுப்பதால் வங்கி அந்த அளவுக்குக் கழித்துக் கொடுக்கிறது. இது தவறில்லை, விதிப்படிதான்.

எந்த வகையில் போட்டிருக்கிறது என்பதை ரசீதைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதிர்வுத் தொகை என்ற இடத்தில் நீங்கள் கட்டிய அதே ஒரு லட்சம் இருந்தால் வட்டி வெளியே போகும் வகை. ரூ.1,41,478 என்று இருந்தால் உள்ளே சேரும் வகை. ஸ்டேட் வங்கியில் முதலாவதை TDR என்றும், இரண்டாவதை STDR என்றும் குறிக்கிறார்கள். மொபைல் ஆப்பில் அவசரமாகப் போடும்போது இந்த ஒரு தேர்வு மாறிப்போவது சாதாரணம். தானாகப் புதுப்பிக்கும்படி விட்டிருந்தால், புது ரசீதிலும் இதே இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

தபால் அலுவலக டைம் டெபாசிட் இதில் தனி ரகம், இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். ஐந்து வருட டெபாசிட்டுக்கான வட்டி 2023 ஏப்ரலில் 7.5% ஆனது. வட்டி காலாண்டுக் கூட்டு முறையில் கணக்கிடப்படுகிறது, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வெளியே கொடுக்கப்படுகிறது. ஒரு லட்சத்துக்கு வருடத்துக்கு ரூ.7,714. அதாவது வருடத்துக்குள் கூட்டு வட்டி, வருடத்துக்கு வருடம் தனி வட்டி. அந்த ரூ.7,714-ஐ எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்கு மேல்வட்டி எதுவும் கிடையாது. ஐந்து வருடத்தில் ரூ.38,570, மொத்தம் ரூ.1,38,570. வங்கியில் 7 சதவீதத்தில் உள்ளேயே விட்டவருக்கு ரூ.1,41,478 கிடைத்திருக்கிறதே! அரை சதவீதம் கூடுதலாகக் கொடுத்தும் கையில் வருவது குறைவு. தபால் அலுவலகத்தில் போட்டிருப்பவர்கள் வருட வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, வந்ததும் வேறு டெபாசிட்டில் போடுவது நல்லது.

சில நிதி நிறுவன விளம்பரங்களில் "ஆண்டு ஈட்டு விகிதம் 8.30%" என்று பெரிய எழுத்தில் இருக்கும். நம் உதாரணத்தில் ரூ.41,478-ஐ ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு ரூ.8,296, அதாவது ஒரு லட்சத்துக்கு 8.30%. காலாண்டுக் கூட்டு முறையில் 7% என்பதையே வேறு விதமாகச் சொன்னது அது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஒரு லட்சம் போட்டா முடியும்போது கையில எவ்வளவு வரும்?" அந்த ரூபாயை வைத்து ஒப்பிட்டால் எந்த விளம்பரமும் ஏமாற்றாது.

உள்ளேயே சேரும் வகையில் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். பணம் கைக்கு வரவில்லை என்றாலும் வட்டி அந்தந்த வருடத்து வருமானமாகவே பார்க்கப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரே வங்கியில் உள்ள எல்லா டெபாசிட்டின் வட்டியும் சேர்த்து வருடத்துக்கு ரூ.50,000-ஐத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ரூ.1,00,000-ஐத் தாண்டினால், டி.டி.எஸ். 10%. பான் கொடுக்காவிட்டால் 20%. பத்து லட்சம் போட்ட ஒருவருக்கு, மூத்த குடிமகன் அல்லாதவர் என்றால், இந்த 10% டெபாசிட்டிலிருந்தே கழியும்போது, ரசீதில் இருந்த ரூ.14,14,778-க்குப் பதில் முடிவில் வருவது ஏறக்குறைய ரூ.13,68,000. குறைந்த சுமார் ரூ.46,800-ல் வரியாகப் போனது ரூ.40,900 அளவுக்கு. மீதி ரூ.5,900 அந்த வரிப் பணம் உள்ளே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி. வரி கட்டத் தேவையில்லாதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரூ.40,900-ஐத் திரும்பப் பெறலாம், ரூ.5,900 வராது. அதனால் அப்படிப்பட்டவர்கள் 15ஜி, 15எச் என்று பழகிய அந்த உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும், முதல் காலாண்டு வட்டி சேர்வதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.