தேதியா, அளவா: வெயிலில் உலர்த்தும் வற்றலுக்கு முன்பதிவை எதை வைத்து மூடுவது?

வெயில் காலத்து வற்றலுக்கு முன்பதிவு அறிவிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று தேதியை வைத்து மூடுவது: "முன்பதிவு 10ஆம் தேதி வரை. 28ஆம் தேதி அனைவருக்கும் அனுப்பப்படும்." மற்றொன்று அளவை வைத்து மூடுவது: "ஓர் ஈட்டுக்கு 16 பாக்கெட். நிரம்பியதும் அந்த ஈடு மூடப்படும்." ஈடு என்பது ஒரே முறையில் தட்டுகளில் ஏறி இறங்கும் அளவு. முதல் அறிவிப்பு வாங்குபவருக்கு எளிது, எழுதுபவருக்கும் எளிது. ஆனாலும் நான் இரண்டாவதன் பக்கம்தான். காரணம் வெயிலிலும் தட்டிலும் இருக்கிறது.

தக்காளி வற்றலை எடுத்துக்கொள்வோம். தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு தண்ணீர். மீதி 6 விழுக்காடுதான் கடைசிவரை நம்மிடம் தங்கும். வற்றலில் 12 விழுக்காடு ஈரம் மிஞ்சும்படி உலர்த்தினால், 60 கிலோ துண்டுகளில் இருக்கும் 3.6 கிலோ திடப்பொருள் சுமார் 4.1 கிலோ வற்றலாகும். அறுபது நான்காகிறது என்பதை நம்ப மனம் மறுக்கும். அதனால்தான் கையில் இருக்கும் காயின் எடையைப் பார்த்து முன்பதிவு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த 60 கிலோவும் எங்கிருந்து வந்தது? தட்டின் பரப்பிலிருந்து. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரப்பினால், ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ என்பது நியாயமான கணக்கு. தட்டுகளின் மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர் என்றால் 60 கிலோதான் ஏறும். அதற்கு மேல் திணித்தால் நடுவில் காற்று ஓடாது. அடியில் இருப்பவை ஒட்டிக் கறுக்கும். கிடைக்கும் 4.1 கிலோவில் சரியாகக் காயாதவை, கருகியவை, ருசி பார்க்க எடுத்தவை என்று அரை கிலோவுக்குச் சற்று மேல் ஒதுக்கினால் 3.5 கிலோ நிற்கும். 200 கிராம் பாக்கெட்டாக 17 வரும். அறிவிப்பில் 16 என்று எழுதுவேன். அந்த ஒரு பாக்கெட், வழியில் ஏதாவது கிழிந்துபோனால் மாற்றி அனுப்புவதற்கு.

இப்போது முதல் அறிவிப்புக்கே திரும்புவோம். 10ஆம் தேதிக்குள் 45 பாக்கெட்டுக்கு முன்பதிவு வந்துவிட்டது. தட்டுகளோ 16 பாக்கெட்டுக்குத்தான் இடம் தரும். ஆக மூன்று ஈடுகள் தேவை. மாதத்துக்கு 31 நாள் என்று கொண்டு நாட்களைக் கணக்கிடுவோம். 12ஆம் தேதி காய் வாங்கி நறுக்கிப் பரப்புகிறோம். மெல்லிய துண்டுகள் மூன்று நான்கு நல்ல வெயிலில் காய்ந்துவிடலாம். மேகம் மூடும் நாட்களையும் சேர்த்து ஆறு நாள் ஒதுக்குவதே நேர்மை. 17ஆம் தேதி தட்டு காலி. பிறகு ஏழு நாள், காய்ந்த துண்டுகளை ஜாடியில் முக்கால் பங்குக்கும் குறைவாகப் போட்டு மூடி, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். தடித்த துண்டில் மறைந்திருக்கும் ஈரம் மெல்லிய துண்டுகளுக்குப் பரவிச் சமமாகும். ஜாடியின் உட்சுவரில் பனித்துளி தெரிந்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள். மறுபடி தட்டுக்குப் போக வேண்டும். அடுத்து, வெளியில் காய்ந்ததில் பூச்சி முட்டை இருக்கக்கூடும் என்பதால், இறுக மூடிய பையில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் உறையவைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் வற்றலின்மேல் ஈரம் படியாது. ஒரு நாள் எடை போட்டுப் பொதிய. 28ஆம் தேதி முதல் ஈடு புறப்படும்.

தட்டு 18ஆம் தேதியே காலியாக இருப்பதால் இரண்டாம் ஈட்டை அன்றே ஏற்றலாம். அது அடுத்த மாதம் 3ஆம் தேதி கிளம்பும். மூன்றாவது 24ஆம் தேதி ஏறி, 9ஆம் தேதி கிளம்பும். முதல் அறிவிப்பை நம்பிப் பணம் கட்டியவர்களில் முதல் 16 பாக்கெட்டுக்கு உரியவர்களுக்கு மட்டுமே 28ஆம் தேதி உண்மை. மற்றவர்கள் ஆறு நாளோ பன்னிரண்டு நாளோ காத்திருப்பார்கள். நெருக்கடி தாங்காமல் ஜாடியில் வைக்கும் ஏழு நாளை வெட்டுவதுதான் வழக்கமாக நடப்பது. அதன் பலன் பார்சலைத் திறக்கும்போது பூஞ்சணமாகத் தெரியும். தேதி அறிவிப்பின் உண்மையான ஆபத்து தாமதம் அல்ல, இந்த அவசரம்தான்.

இரண்டாம் வகை அறிவிப்பை எப்படி எழுதலாம்? "தக்காளி வற்றல், 200 கிராம். மூன்று ஈடுகள், ஈட்டுக்கு 16 பாக்கெட். பணம் வந்த வரிசைப்படி இடம். முதல் ஈடு 28 முதல் 31 வரை, இரண்டாவது 3 முதல் 6 வரை, மூன்றாவது 9 முதல் 12 வரை அனுப்பப்படும். முன்பதிவு 10ஆம் தேதி இரவு முடியும். அதற்கு முன் இடம் நிரம்பினால் அப்போதே முடியும். மழை வந்தால் அந்த ஈடும் அதற்குப் பின்வருபவையும் தள்ளிப்போகும்; பணத்தைத் திரும்பக் கேட்டால் கொடுப்போம்."

இதிலும் தேதி இருக்கிறது, ஆனால் அதன் வேலை வேறு. 10 என்பது காய் வாங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. எத்தனை தட்டு நிரப்ப வேண்டும் என்று தெரிந்து வாங்குவதற்கான அவகாசம் அது. 20 பாக்கெட்டுக்கே முன்பதிவு வந்தால், இரண்டாம் ஈட்டுக்குக் கால் பங்கு காய் போதும். காரணமில்லாமல் வைக்கும் கடைசித் தேதியை ஆட்கள் கெஞ்சினால் நீட்டிவிடுவோம். காய் வாங்கும் நாளோடு கட்டிய தேதியை நீட்ட முடியாது.

தேதி வழியே பொருந்தும் இடமும் உண்டு. தட்டுப் பரப்பு தேவையைவிட மிகப் பெரியது என்றால், வருகிற முன்பதிவு முழுவதும் ஒரே ஈட்டில் அடங்கும். அப்போது ஈட்டுக் கணக்கு வீண் குழப்பம். ஒரே கடைசி நாள், ஒரே அனுப்பும் நாள் போதும்.

அனுப்புவதில் ஒரு சிக்கல் தனியாக எழும். ஒருவர் தக்காளியோடு மாங்காய் வற்றலும் கேட்டிருப்பார். இரண்டும் வேறு வேறு நாளில் தயாராகும். பிரித்து அனுப்பினால் கூரியர் செலவு இரட்டிப்பு. பிந்தி முடிவதோடு சேர்த்தே அனுப்புவோம் என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டுவிடுவதை நான் விரும்புகிறேன். தனியே வேண்டுமானால் கூடுதல் கட்டணம் என்றும் சொல்லிவிடலாம். எந்த வழியானாலும், விடுமுறைக்கு முதல் நாள் பார்சலை ஒப்படைக்கக் கூடாது. கிடங்கின் புழுக்கத்தில் இரண்டு நாள் கிடந்தால், சரியாக ஒட்டப்படாத ஒரு பை போதும், வற்றல் நமுத்துப்போக.

ஈடு நிரம்பியதும் "முதல் ஈடு முடிந்தது, இரண்டாவதில் 9 இடம்" என்று அறிவிப்பின் தலைப்பிலேயே திருத்திவிட வேண்டும். உள்ளே எங்கோ எழுதினால் யாரும் படிப்பதில்லை. பணம் கட்டிய பிறகுதான் எந்தத் தேதி தங்களுடையது என்று கேட்பார்கள்.